குளக்கரைக்கு வந்து சேர்ந்த அப்பா

அந்தப் படம் 1991-இல் ஒரு சிறிய ஊர் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. பின்னால் மலையும் அருவியும் வரைந்த திரை. அதன் முன்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் விறைப்பாக நிற்கிறார். வெள்ளை அரைக்கைச் சட்டை, வேட்டி, இடக்கையில் கடிகாரம், இடப்பக்கச் சட்டைப்பையில் ஒரு பேனா. நெகட்டிவ் எப்போதோ தொலைந்துபோனது. மிஞ்சியது போஸ்ட்கார்டு அளவில் ஒரே ஒரு பிரிண்ட். அது டிரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு நடுவே பல வருஷம் கிடந்தது. அவர் இறந்த அன்று வெளியே வந்தது. முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்தினார்கள். பிரிண்ட் திரும்பவும் பெட்டிக்குள் போனது.

அது இரண்டாம் முறை வெளியே வந்தது பேரனின் காதுகுத்துக்குப் பிறகு. குலதெய்வக் கோயில் குளக்கரையில் குடும்பம் மொத்தமும் நின்று படம் எடுத்திருந்தது. எடுத்தவர் விவரமானவர். அம்மாவுக்கும் மூத்த மகனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை விட்டு நிற்கச் சொல்லியிருந்தார். மகள் அந்த மெமரி கார்டையும் பழைய பிரிண்டையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “அப்பாவ இங்க நிக்க வைக்கணும்ணே. எல்லாரும் தண்ணியில தெரியறாங்க, அவரும் தெரியணும்.”

இறந்தவரைக் குடும்பப் படத்தில் சேர்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. வெட்டி, வைத்து, நிறம் சேர்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். குளம் வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஆளை ஓர் இடத்தில் வைத்தால் போதாது. அந்த இடத்தில் நின்றவரைத் தண்ணீர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

முதலில் பிரிண்டை ஸ்கேன் செய்தேன். பழைய கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் பலநேரம் முதலில் மங்கும். அதனால் படம் முழுக்கச் செம்மை ஏறியிருக்கும். இதுவும் அப்படித்தான். சட்டையின் வெள்ளையை வைத்து நிறத்தை மீட்டு, திரையிலிருந்து ஆளைப் பிரித்தேன். தலைமுடியின் ஓரத்தில் திரையின் நீலம் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தனியாகத் துடைத்தேன். இதுவரை வழக்கமான வேலை.

பிறகு, இரண்டு படங்களிலும் கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பார்த்தேன். குளக்கரைப் படத்தில் அக்கரையில் ஒரு கல் மேடை. குடும்பம் அதன் மேல் நிற்கிறது. மேடை தண்ணீர் மட்டத்திலிருந்து 2 அடி உயரம். குளத்தைப் பார்த்த பக்கம் செங்குத்தான சுவர். படம் எடுத்தவர் இக்கரையில் நின்றிருந்தார். கேமரா தண்ணீருக்கு மேல் ஏறத்தாழ 6 அடியில், சாயாமல் நேராக இருந்தது. சுவருக்கும் கேமராவுக்கும் 30 அடி. குடும்பம் சுவர் விளிம்பிலிருந்து 6 அடி உள்ளே தள்ளி நின்றது, ஆக 36 அடி. பேரன் மட்டும் விளிம்பில், காலைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு, அந்தக் காலி இடத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

கேமரா தண்ணீருக்கு 6 அடி மேலே என்றால் மேடைக்கு 4 அடி மேலே. ஸ்டூடியோப் படத்திலும் கேமரா நெஞ்சு உயரத்தில்தான் இருந்திருக்கிறது. கண்மட்டம் ஒத்துப்போனது பெரிய நிம்மதி. ஒத்துப்போகாததும் ஒன்று இருந்தது. ஸ்டூடியோவில் கேமரா பத்தடி தூரத்தில் இருந்ததால் பாதங்களின் மேல்பக்கம் நன்றாகத் தெரிந்தது. 36 அடியிலிருந்து பார்த்தால் பாதம் ஏறக்குறைய பக்கவாட்டாகத்தான் தெரியும். அப்படியே ஒட்டினால், அவர் சரிந்த தரையில் விரலூன்றி நிற்பதுபோல் ஆகிவிடும். பேரன் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நல்லதாயிற்று. அவன் தலை அப்பாவின் முழங்கால் வரை மறைத்தது.

இனிமேல்தான் தண்ணீர். ஆளைப் பிரதி எடுத்து, தலைகீழாகப் புரட்டி, காலுக்குக் கீழே ஒட்டுவதைத்தான் பலரும் செய்கிறார்கள். புரட்டும் இடத்திலேயே ஒரு பிசகு நடக்கும். ஃபோட்டோஷாப்பில் `Flip Vertical` என்றும் `Rotate 180°` என்றும் இரண்டு கட்டளைகள் உண்டு. இரண்டும் தலைகீழாகத்தான் காட்டும். ஆனால் தண்ணீர் மேல்கீழைத்தான் மாற்றும், இடவலத்தை மாற்றாது. படத்தில் வலப்பக்கம் தெரியும் கடிகாரக் கை தண்ணீரிலும் வலப்பக்கமே தெரியும். சுழற்றினால் கடிகாரமும் பேனாவும் எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே முதல் கட்டளைதான்.

அடுத்து, எந்தக் கோட்டை வைத்துப் புரட்டுவது? பாதத்தை வைத்து என்றால் தப்பு. சுவர் தண்ணீரைத் தொடும் கோட்டை வைத்து என்றாலும் தப்பு. கோடு அவர் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, மேடைக்கு அடியிலும் தண்ணீர் பரந்திருந்தால் அதன் மட்டம் எங்கே தெரியுமோ, அங்கே இருக்கிறது. 36 அடி தூரத்தில் உள்ள தண்ணீர் மட்டம் அது. நம் கண்ணுக்கு அது சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இந்தப் படத்தில் கணக்கிட்டால் அது சுவர் முகத்தின் சரிபாதி உயரத்தில் விழுகிறது. தண்ணீர் விளிம்பை வைத்துப் புரட்டியிருந்தால் பிம்பத்தின் தலை, அவருடைய உயரத்தின் அளவில் சொன்னால், ஏறத்தாழ இரண்டரை அடி கீழே இறங்கியிருக்கும். பாதத்தை வைத்துப் புரட்டியிருந்தால் நான்கு அடி மேலே ஏறி நின்றிருக்கும்.

கணக்குப் போடாமலும் இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். பக்கத்தில் அதே வரிசையில் நிற்பவரின் உச்சந்தலையையும், தண்ணீரில் அவர் உச்சந்தலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் கோடு. அம்மாவை வைத்து ஒரு முறை, மூத்த மகனை வைத்து ஒரு முறை பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. பேரனை வைத்துப் பார்த்தால் கோடு கீழே போய்விடும், ஏனென்றால் அவன் 30 அடியில் இருக்கிறான். அவன் கோடு தண்ணீர் விளிம்பேதான். ஒரே படத்தில் தூரத்துக்கொரு கோடு இருக்கிறது. இதை அறியாமல் எல்லோருக்கும் ஒரே கோடு போட்டுத்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

கோடு கிடைத்தபின் பிம்பத்தை இறக்கினேன். அதில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அம்மாவின் பிம்பத்தைப் பார்த்தால் விடை இருக்கிறது. அவர் சேலையின் கீழ்க் கரையும் பாதமும் தண்ணீரில் இல்லை. முழங்காலிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குக் கீழே மேடைச் சுவரின் பிம்பம் மறைத்துக்கொண்டது. காரணத்தை இப்படி யோசித்தால் எளிதில் பிடிபடும். தண்ணீரில் தெரியும் காட்சி, தண்ணீர் மட்டத்துக்கு 6 அடி கீழே இன்னொரு கேமரா இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியானது. கீழேயிருந்து மேடைக்கு மேலே நிற்பவரைப் பார்த்தால் விளிம்பு அவர் காலை மறைக்கும். இங்கே பாதத்திலிருந்து 1.6 அடி, அதாவது முழங்கால் வரை. எடுத்தவர் ஒரு மண்டபத்தில் ஏறி 12 அடி உயரத்திலிருந்து எடுத்திருந்தால் அந்தக் கீழ்க் கேமராவும் 12 அடி ஆழத்துக்குப் போயிருக்கும். இடுப்பு வரை மறைந்திருக்கும். குனிந்து 3 அடியிலிருந்து எடுத்திருந்தால் ஓரடிதான் மறைந்திருக்கும்.

பேரன் விஷயம் இன்னும் நுட்பமானது. நேர்க்காட்சியில் அவன் தாத்தாவை முழங்கால் வரை மறைக்கிறான். தண்ணீரில்? கீழேயிருந்து பார்க்கும் கேமராவுக்கு முன்னால் இருப்பவன் இன்னும் உயரமாகத் தெரிவான். கணக்கிட்டால் அவன் தலை தாத்தாவின் நெஞ்சு வரை எட்டுகிறது. அதாவது மேலே நாம் பார்க்கும் அப்பா முழங்காலுக்கு மேல் முழுசாக நிற்கிறார். தண்ணீரில் பேரனுக்குப் பின்னால் அவருடைய நெஞ்சும் தோளும் முகமும்தான் தெரிய வேண்டும், பக்கவாட்டில் கைகள் மட்டும் கொஞ்சம். மேலே ஏற்கெனவே மறைத்து வெட்டிய ஆளையே புரட்டி ஒட்டினால் இது வராது. வெட்டாத முழு ஆளிலிருந்து பிம்பத்துக்கென்று தனியாக ஒரு பிரதி எடுத்து, அதற்குத் தனி மாஸ்க் போட வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பிம்பம் படத்தின் நகல் இல்லை; வேறோர் இடத்திலிருந்து எடுத்த வேறொரு படம்.

அப்படியானால் அவர் முகமும் கீழேயிருந்து தெரிய வேண்டுமே என்று கேட்கலாம். உண்மைதான். இந்தத் தூரத்தில் பிம்பத்தில் அவர் தலை இருபது டிகிரி அளவுக்குக் கீழிருந்து தெரிய வேண்டும். தாடையின் அடிப்பக்கம் கொஞ்சம் புலப்பட வேண்டும். பழைய பிரிண்டில் அது இல்லை. அலை சற்று உடைத்துவிடுவதால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று விட்டுவிட்டேன். அவர் கையில் விரித்த குடை இருந்திருந்தால் விட்டிருக்க முடியாது. மேலே குடையின் வெளிப்பக்கம் தெரியும்போது தண்ணீரில் கம்பிகளோடு உள்பக்கம் தெரியும்; அதைத் தனியாக வரைய வேண்டும்.

இனி ஒளி. தண்ணீர் எல்லா ஒளியையும் திருப்பி அனுப்புவதில்லை. நேர் மேலேயிருந்து குனிந்து பார்த்தால் நூற்றில் இரண்டு பங்குதான் திரும்பும். பார்வை சாயச் சாய அது கூடும். இந்தப் படத்தில் முழங்கால் மட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், தலை மட்டத்தில் எட்டில் ஒரு பங்கும் திரும்புகிறது. பிம்பத்தின் தலை நமக்குப் பக்கத்தில், கேமராவிலிருந்து 16 அடியில் உள்ள தண்ணீரில் விழுகிறது. அங்கே பார்வை செங்குத்தாவதால்தான் இந்தக் குறைவு. அதனால் பிம்பம் மேடைப் பக்கம் தெளிவாகவும் நம் பக்கம் மங்கியும் இருக்க வேண்டும். சீராக ஒரே மங்கலாகக் குறைத்தால் கண் நம்பாது.

திரும்பாத பங்கின் இடத்தைக் குளத்தின் சொந்த நிறம் எடுத்துக்கொள்கிறது. பாசிப் பச்சை. வெள்ளைச் சட்டை தண்ணீரில் வெள்ளையாக இராது, மங்கிய பச்சைச் சாம்பலாக இறங்கும். கறுத்த தலைமுடி கறுப்பாக இராது. அந்த இடத்தில் வானத்தின் பிம்பம் மறைக்கப்படுவதால் தண்ணீரின் பச்சைதான் தெரியும். வெளிச்சம் இறங்கும், இருட்டு ஏறும். மூத்த மகனும் வெள்ளைச் சட்டையில் இருந்தது வசதி. அவர் சட்டைக்கும் சட்டையின் பிம்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து அப்பாவின் சட்டைக்கும் அதையே கொடுத்தேன். அந்தக் காலி இடத்தின் தண்ணீரில் முன்பு பின்னாலிருந்த வேப்பமரத்தின் பிம்பம் இருந்தது. அப்பாவின் பிம்பம் வந்ததும் அது அவருக்குப் பின்னால் மறைய வேண்டும். ஊடுருவித் தெரியக் கூடாது. ஒளியைக் குறைக்கிறேன் என்று லேயரின் `Opacity`-யைக் குறைப்பவர்களின் படங்களில் நெஞ்சுக்குள் மரம் தெரிவது இதனால்தான். முதலில் அந்த இடத்தைத் தண்ணீரின் சொந்தப் பச்சையால் மூடி, அதன்மேல் பிம்பத்தை ஏற்ற வேண்டும்.

அலைக்கு நான் குளத்தின் அலையையே பயன்படுத்தினேன். தண்ணீர்ப் பகுதியைக் கறுப்பு வெள்ளையாக்கி, சற்று மழுப்பி, தனி PSD கோப்பாகச் சேமித்து, `Displace` ஃபில்டருக்குக் கொடுத்தால் அந்த அலையின் மேடுபள்ளப்படி பிம்பத்தின் ஓரம் நெளியும். பக்கவாட்டில் கொஞ்சமாகவும் மேல்கீழாகக் கூடுதலாகவும் நெளிய வேண்டும், ஏனென்றால் சாய்ந்து பார்க்கும் தண்ணீரில் அலை பிம்பத்தை நீளவாக்கில்தான் இழுக்கிறது. நமக்குப் பக்கத்து அலைகள் படத்தில் பெரிதாகத் தெரிவதால் தலைப்பக்கம் அதிகம் உடையும், மேடைப் பக்கம் குறைவாக.

முடிந்ததும் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பிம்பங்கள் நிமிர்ந்து நிற்கும். யார் உயரம் கூடியிருக்கிறது, யார் மட்டும் தெளிவாக இருக்கிறார், யார் வரிசையிலிருந்து விலகி மிதக்கிறார் என்பதெல்லாம் உடனே கண்ணில் குத்தும். இங்கே அப்பாவின் பிம்பம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூர்மையாக இருந்தது. அவர்களுடைய அளவுக்கு மழுப்பி, லேபுக்கு அனுப்பினேன். 12-க்கு 18 அங்குலத்தில் மூன்று பிரிண்ட். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் விரலை வைத்தது தண்ணீரில்தான்.

அந்த உருவத்தின் பயணம் அதோடு நிற்கவில்லை. சில வருஷம் கழித்து இளைய மகன் ஒரு மருந்துக் கடை திறந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. திறப்பு விழாப் படத்திலும் அப்பா வேண்டும் என்றார். வெட்டி வைத்த ஆள் என் ஹார்ட் டிஸ்கில் தயாராக இருந்தார். ஆனால் தண்ணீருக்குச் சரியாயிருந்தது எதுவும் இங்கே உதவவில்லை.

கண்ணாடி ஆளின் பின்னால் இருக்கிறது. அது அவருடைய முதுகைத்தான் காட்டும். படத்தில் அம்மாவின் கொண்டைப்பூ கண்ணாடியில் தெரிந்தது. அப்பாவின் முதுகை யாரும் எப்போதும் படம் எடுத்ததில்லை. முன்பக்கத்தை இடவலமாகப் புரட்டி மங்கலாக வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது கண்ணாடிக்குள் இன்னொருவர் கடைக்குள்ளிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அளவும் இடமும்கூட மாறும். குடும்பம் கண்ணாடிக்கு 3 அடி முன்னால், கேமராவிலிருந்து 12 அடியில் நின்றது. பிம்பம் கண்ணாடிக்கு 3 அடி உள்ளே, அதாவது 18 அடியில் இருப்பதாகத் தெரியும். ஆகவே மூன்றில் இரண்டு பங்கு அளவில். ஓரத்தில் நிற்பவரின் பிம்பம் அவருக்கு நேர் பின்னால் விழாமல் படத்தின் நடுப்பக்கமாக விலகி விழும். நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் இரண்டு முகமும் சேர்ந்து நூற்றில் எட்டுப் பங்குதான் திருப்பும். பகலில் தெரு வெளிச்சமாகவும் கடை இருட்டாகவும் இருந்தால் அந்த எட்டே நன்றாகத் தெரியும்; உள்ளே விளக்குப் போட்டால் காணாமல் போகும். கண்ணாடியில் ஒட்டிய எழுத்துகள் பிம்பத்துக்கு முன்னால் வர வேண்டும், பிம்பத்துக்கு அடியில் போகக் கூடாது.

இந்த விலகல் ஓவியர்களையும் சும்மா விட்டதில்லை. பாரிஸில் எதுவார் மனே 1882-இல் காட்சிக்கு வைத்த ‘ஃபோலி பெர்ஜேரில் ஒரு மதுக்கூடம்’ இப்போது லண்டன் கோர்ட்டால்டு காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் நம்மைப் பார்த்து நிற்கும் பெண்ணின் முதுகு, பின்னாலுள்ள கண்ணாடியில் வெகுதூரம் வலப்பக்கம் தள்ளித் தெரியும். மனே வரைந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிம்பத்தை வலப்பக்கமாக நகர்த்தினார் என்பது எக்ஸ்ரே படங்களில் தெரியவந்தது. தப்பா, வேண்டுமென்றே செய்ததா என்று நூறாண்டுக்கு மேல் விவாதித்தார்கள். நாம் நினைப்பதுபோல் அவளுக்கு நேர் எதிரே நிற்காமல் வலப்பக்கம் தள்ளி நின்று பார்த்தால் இந்தக் காட்சி கிட்டத்தட்ட அமையும் என்று ஆஸ்திரேலியாவின் மால்கம் பார்க் அதைப் புகைப்படமாக அமைத்தே காட்டினார். மேதையின் ஓவியத்துக்குக் கிடைத்த அந்த அவகாசம் குடும்பப் படத்துக்குக் கிடைக்காது. அத்தை ஒருத்தி பார்த்தவுடன் “என்னமோ சரியில்லையே” என்பார், அதோடு சரி.

மருந்துக் கடைப் படத்துக்கு வழி படத்திலேயே இருந்தது. கேமரா கண்ணாடிக்கு நேராக, முகத்தின் உயரத்தில் இருந்ததால் படத்தின் நடுவில், குடும்ப வரிசைக்கு இடையே எடுத்தவரின் பிம்பமும் சிறிதாகத் தெரிந்தது. அந்த நடுக்கோட்டில் அப்பாவை நிற்க வைத்தால் அவருடைய பிம்பம் அவருக்கு நேர் பின்னால், அவரைவிடச் சிறிதாக விழும்; அவர் உடம்பே அதை முழுசாக மறைத்துவிடும். கால்களுக்கு நடுவே தெரியுமே என்ற கவலையும் இல்லை, வேட்டி இருக்கிறது. எடுத்தவரின் பிம்பமும் அவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முதுகே தேவைப்படவில்லை. இளைய மகன் தன் பக்கத்தில், ஓரத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், அப்பாவின் உடல்வாகில் இருக்கும் மூத்தவருக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தி, அதே வெளிச்சத்தில் முதுகைப் படம் எடுத்து அதைத்தான் கண்ணாடிக்குள் வைத்திருப்பேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேலை வரலாம். நீர்க்கரையில் படம் எடுக்கும்போது சேர்க்க வேண்டியவர் நிற்கும் இடத்தில் அதே உயரமுள்ள ஒருவரை நிற்க வைத்து ஒரு படமும், அவரை விலக்கிவிட்டு ஒரு படமும் எடுங்கள்; கேமரா அசையக் கூடாது. முதல் படம் பிம்பம் எங்கே தொடங்கும், எங்கே முடியும், எவ்வளவு மங்கும் என்பதைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் அசல் கோப்பைக் கொடுங்கள். பிரிண்ட் கைக்கு வந்ததும் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள்: யார் சேர்க்கப்பட்டவர், அவர் உருவம் எந்த வருஷத்துப் படத்திலிருந்து வந்தது, மற்றவர்கள் நின்று எடுத்த நாள் எது என்று. அந்தப் பேரன் வளர்ந்து, தன் காதுகுத்துக்குத் தாத்தா வந்திருந்தார் என்று தன் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.